மை போட்ட தேதி

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மஹேஷ் எங்கள் குழந்தை ஜானவியின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்தான். என் கணவன் எதையும் இரண்டாவது முறை செய்ய விரும்பாதவன். ஆனால் அட்டை லேமினேட் செய்யப்பட்டிருந்ததால் ட்யூப்லைட் அதில் வெள்ளைக் கோடாக விழுந்தது. அதனால் நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. நான்காவது படத்தில் எல்லாக் கட்டங்களும் தெரிந்தன.

குழந்தையைப் பகலில் விடப்போகும் காப்பகத்தின் விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது: அடுத்துப் போட வேண்டிய தடுப்பூசி என்ன, எப்போது? அதற்காகத்தான் படம். பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புவதாக இருந்தது. மலையாளம் பேசும் இந்த நகரத்தின் இன்னொரு பக்கம், சாஸ்தமங்கலத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகம். நாலரை மாதமாக இந்தக் கரமனைத் தெருவைத் தாண்டித் தனியாகப் போகாத எனக்கு, அந்தத் தேதி சுவரில் ஓர் ஓட்டை மாதிரி இருந்தது. அது எவ்வளவு சின்னது என்றும் தெரியும். யாராவது ஒரு கை வைத்தால் அடைபட்டுவிடும்.

மஹேஷ் படத்தைப் போனிலிருந்த உதவிச் செயலிக்கு அனுப்பி, அடுத்தது என்ன என்று கேட்டான். அரை நிமிஷத்தில் பதில் வந்தது.

"பிறந்தப்போ, ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம், எல்லாம் ஆயாச்சு. அடுத்தது நவம்பர் பன்னெண்டு. ஒம்பது மாசத்து ஊசி," என்று வாசித்தான். "ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கு. ஃபார்ம்ல அதையே எழுதிடலாம்."

"நான்தான் சொன்னேனே," என்றார் மாமனார் நாகேஸ்வரன். "எல்லாம் கிளியரா இருக்கு அதுல."

என் கையில் ஜானவி இருந்தாள். அவள் என் தாலிச் சரடைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பதினாலு வாரம் என்ற வார்த்தை காதில் விழுந்த இடத்திலிருந்து நான் நகரவில்லை.

பதினாலு வாரத்து ஊசி போடவில்லை.

எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனால் என் ஞாபகம் அந்த வீட்டில் செல்லுபடியாகாத ஒன்று.

பிறகு குடும்பக் குழுவில் அந்தப் படத்தையும் பதிலையும் மஹேஷ் போட்டான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினாலு வாரத்தின் கட்டத்தில் 21.05.2025 என்று இருந்தது. நீல மை. தெளிவான எண்கள். யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதியிருக்கிறார்கள் என்றால் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நான் ஞாபகம் வைத்திருப்பது எதை?

"சுப்பு, உள்ளே என்ன பண்றே?" மாமியாரின் குரல் கதவுக்கு வெளியே. "தண்ணி சத்தமே கேக்கலியே."

"வந்துட்டேம்மா."

குளியலறையில் நான் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இருந்தால் அவர் வந்து நிற்பார். அதற்குக் காரணம் நான்தான். மே மாதக் கடைசியில் ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு, அது வாளியிலிருந்து வழிந்து கூடம் வரை வந்ததுகூடத் தெரியாமல், இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. கேட்டது. ஆனால் அது வேறு யாருடைய குழந்தையோ அழுவது போலக் கேட்டது. அதன் பிறகு மனநல மருத்துவர், மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருவது என்ற விளக்கம். சரியாகிவிட்டேன் என்று செப்டம்பரில் டாக்டர் சொன்னார். வீடு இன்னும் சொல்லவில்லை. மாமியார் சீதாலக்ஷ்மி கெட்டவர் இல்லை. அந்த மூன்று மாதமும் என் குழந்தையை வளர்த்தது அவர்தான். ஆனால் நான் அடுப்பை அணைத்தேன் என்று சொன்னால் போய்ப் பார்ப்பார். பால் கொடுத்தாயிற்று என்றால் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் இன்னொரு சாட்சி தேவைப்பட்டது.

இந்த ஒன்றுக்குச் சாட்சி எனக்கு எதிராக இருந்தது. மையில் எழுதப்பட்டு, பிளாஸ்டிக்கில் மூடப்பட்டு.

அது மட்டும் இல்லை. இன்னொரு சாட்சியும் இருந்தது. அது என் வாயிலிருந்தே வந்தது.

மே இருபத்தொன்று. நாகர்கோவிலில் அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு நான் கரமனைக்கு வந்து ஒரு வாரம். அன்று மாமியாருக்கு ஏதோ ஹோமத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான் தனியாக ஆட்டோவில் நகர்ப்புற ஆரோக்கிய மையத்துக்குப் போனேன். பெஞ்ச், டோக்கன், வெயில். நர்ஸ் ஜானவியின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்ததும், அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம், காய்ச்சல் நல்லா இருக்கு, டாக்டர்ட்ட காட்டி மருந்து வாங்கிட்டு அடுத்த புதன் வாங்க" என்றதும் எனக்கு ஞாபகம் இருந்தது. திரும்பி வரும்போது குழந்தை முழு வழியும் அழுதது. வாசலில் மாமியார் நின்றார்.

"ஆச்சா?"

ஆகலை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். காய்ச்சல் என்றால் எப்போதிலிருந்து, நேற்று ஏன் சொல்லவில்லை, தலைக்கு ஊற்றினாயா, நீ ஐஸ் தண்ணீர் குடித்தாயா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல எனக்குள் ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

"ஆச்சு," என்றேன்.

அடுத்த புதன் வந்தபோது நான் நானாக இல்லை.

அதனால் இப்போது நான் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்று கற்பனை செய்கிறேன் என்று. எதைச் சொன்னாலும் பதின்மூன்றாம் தேதி போய்விடும். சொல்லாவிட்டால் ஜானவிக்கு ஓர் ஊசி இல்லாமல் போகும். இதில் மூன்றாவது ஒன்று இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஊசி உண்மையாகவே போடப்பட்டிருக்கலாம். தெர்மாமீட்டர், பெஞ்ச், "அடுத்த புதன்" எல்லாம் அந்த மாதத்தில் நான் பார்த்த மற்ற பலவற்றைப் போல என் தலைக்குள் மட்டும் நடந்திருக்கலாம். போடப்பட்டதை மறுபடி போட்டுவிட்டால்?

மஹேஷ் அனுப்பியதை மறுபடி திறந்தேன். அவன் மேலே உள்ளதை மட்டும்தான் வாசித்திருந்தான். கீழே இன்னும் இருந்தது.

'கட்டத்தில் தேதி எழுதியிருந்தால் தடுப்பூசி போடப்பட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். புகைப்படத்தில் கையெழுத்தையோ மையையோ தவறாகப் படித்திருக்க வாய்ப்பு உண்டு. முந்தைய டோஸ்களின் இடைவெளி, குழந்தையின் உடல்நிலை, உங்கள் மாவட்டத்தில் கொடுக்கப்படும் கூடுதல் தடுப்பூசிகள் ஆகியவற்றைப் பொறுத்து அட்டவணை மாறலாம். அசல் அட்டையை மருத்துவரிடமோ ஆரோக்கிய மையத்திலோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.'

போடப்பட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அந்த வீட்டில் இத்தனை நாளில், தான் நிச்சயமாகச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்ட முதல் குரல் அது.

நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதுவே சொல்லிவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "மஹேஷ், அந்தப் பதில்ல கடைசியில டாக்டர்ட்ட காட்டச் சொல்லியிருக்கே, பாத்தேளா?"

"அது எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லும். தலைவலின்னு கேட்டாக்கூட டாக்டரைப் பாருன்னுதான் சொல்லும். ஒரு ஃபார்மாலிட்டி."

"இந்த ஜில்லாவுல எக்ஸ்ட்ரா ஊசி ஏதாவது உண்டோ என்னமோ. கார்டு நாகர்கோவில்ல போட்டது. க்ரெஷ்ல கேட்டா என்ன சொல்றது?"

மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "ராத்திரி மாத்திரை சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டேம்மா."

"பின்னே ஏன் இப்படி ஒண்ணு கழிஞ்சு ஒண்ணா யோசிச்சிண்டிருக்கே? பையன்தான் பாத்து சொல்லிட்டானே."

என் தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னால் அது நோய். அதை நான் கற்றிருந்தேன்.

மாமனார்தான் மோருக்குக் கை நீட்டியபடி சொன்னார். "அவ சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு. எழுத்துல 'உறுதி செய்துகொள்ளவும்'னு இருக்குன்னா செஞ்சுடணும். புதன்கிழமை நான் கூட்டிண்டு போறேன்."

முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். எழுத்தில் இருந்தால் போதும் அவருக்கு. என் பேச்சுக்காக அல்ல, அந்த வரிக்காக அவர் வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பரவாயில்லை. கதவு எதனால் திறந்தால் என்ன.

ஆனால் நான் தனியாகப் போகப்போவதில்லை. அங்கே என்ன தெரிந்தாலும் அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தெரியும்.

*

புதன்கிழமை எட்டாம் தேதி. மையத்தில் அதே பெஞ்ச் இருந்தது. சுவர் ஓரமாக, ஒரு கால் ஆடும் பெஞ்ச். உட்கார்ந்ததும் அது ஆடியது. அன்றும் ஆடியது. இது நான் கற்பனை செய்தது இல்லை. ஆனால் பெஞ்ச் ஆடியதால் ஊசி போடவில்லை என்று ஆகிவிடுமா?

நர்ஸின் பெயர் கலைச்செல்வி என்று மேலங்கியில் இருந்தது. இங்கே பிறந்த தமிழ்ப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. அன்று பார்த்த முகம்தானா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மாமனார் உறையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கியவள் அதை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"அய்யோ, இதை ஆரு லேமினேட் பண்ணினது? இனி நான் எங்க எழுதட்டும், பிள்ளை நெத்தியிலயா?"

மாமனார் சிரிக்கவில்லை. "நனையாம இருக்கட்டும்னு."

"நனைஞ்சாக்கூட வேற கார்டு தரலாம் சாரே. இதுல பேனா பிடிக்காது கேட்டேளா." அவள் ஜானவியின் கன்னத்தைத் தட்டினாள். "என்ன வேணும்? ஒம்பது மாசம் ஆகலியே இன்னும்."

"அடுத்தது எப்போன்னு கேக்க வந்தோம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்ப டாக்டரே பாக்கட்டும். உள்ள போங்க."

டாக்டர் லிஜோவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மலையாளத்தில் ஆரம்பித்து, நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு வந்தார். போனில் வந்த பதிலை மாமனார் காட்டினார். டாக்டர் அதை முழுக்க வாசித்தார், கடைசி வரி வரை. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு காகிதத்தை எடுத்து வரிசையாகத் தேதிகளை எழுத ஆரம்பித்தார். பிறந்தது பன்னிரண்டு பிப்ரவரி. அதன் பக்கத்தில் சின்னச் சின்னதாக வாரங்கள்.

"முதல் டோஸ் ரெண்டு ஏப்ரல். ஆறு வாரத்துக்கு மார்ச் இருபத்தாறு அல்லே வரும்? ஒரு ஆழ்ச்ச, ஒரு வாரம் லேட்."

"எனக்குத் தையல் பழுத்துப்போச்சு. அம்மா ஆத்துல யாரும் கூட்டிண்டு போக இல்லே," என்றேன்.

"சாரமில்ல, பரவாயில்ல. ரெண்டாமத்தது ஏப்ரல் முப்பது. கரெக்டாயிட்டு நாலு வாரம் கழிச்சு." பேனா நின்றது. "மூணாமத்தது மே இருபத்தொண்ணு."

அவர் காகிதத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு என்னை.

"இது நடக்காது."

அந்த அறையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் திடீரென்று மிகத் தெளிவாகக் கேட்டது.

"ஏப்ரல் முப்பதுலேர்ந்து மே இருபத்தொண்ணு மூணு வாரம்தான். ஒரு டோஸுக்கும் அடுத்ததுக்கும் நாலு வாரமாவது வேணும். அதுக்கு முன்னாடி எந்த நர்ஸும் போட மாட்டாங்க. போட்டாலும் அது கணக்கில் வராது. ரெண்டாவது டோஸ் தள்ளிப் போனா மூணாவதும் தள்ளிப் போகும். மே இருபத்தெட்டுதான் வரணும்." விரலால் எண்ணினார். "ஆனா பிறந்த நாள்லேர்ந்து எண்ணினா, மே இருபத்தொண்ணு சரியா பதினாலு வாரம். அப்போ இது போட்ட தேதி அல்ல. பிரசவம் ஆனப்பவே ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுக்கிற தேதி. இன்னைக்கு வாங்கன்னு."

"ஆனா மையில எழுதியிருக்கே," என்றேன். அந்தக் கேள்வியை நான்தான் கேட்டாக வேண்டியிருந்தது. மூன்று நாளாக அந்த மை என்னைத் தின்றிருந்தது.

"அதான் எனக்கும் மனசிலாகல. வரப்போற தேதி எல்லாம் பென்சில்லதான் எழுதுவாங்க. போட்டப்புறம் அதை அழிச்சிட்டுப் பேனாவில உண்மையான தேதி. பாருங்க, நவம்பர் பன்னெண்டு பென்சில்ல இருக்கு, பிளாஸ்டிக் உள்ளே மங்கலா. ஏப்ரல் தேதி ரெண்டும் பால்பாயிண்ட். இது மட்டும் வேற மை. ஃபவுண்டன் பேனா மாதிரி." அட்டையைச் சாய்த்தார். "அடியில பென்சில் கோடு தெரியுது. மேல எழுதியிருக்கு யாரோ."

என் பக்கத்தில் மாமனாரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான்," என்றார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். நானும்.

"அவ போயிட்டு வந்து ஆச்சுன்னு சொன்னா. கார்டைப் பாத்தேன். நர்ஸ் பென்சில்லயே விட்டிருந்தா. பென்சில்ல இருக்கறது ரிக்கார்டு இல்லே. நாளைக்கு அழிஞ்சு போச்சுன்னா ஊசி போட்டதுக்கு எவிடன்ஸ் என்ன? அதனால அதுமேலயே மை போட்டேன்." அவர் குரல் ஒரு பத்திரத்தை வாசிப்பது போல இருந்தது. "அடுத்த நாள் கொண்டுபோய் லேமினேட் பண்ணினேன்."

தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவர் தொட்டார். அதே பேனா. இத்தனை நாளும் என் எதிரில் அது இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெல்ல மெல்ல வந்தது வேறொன்று. அந்தத் தேதியை எழுதியது அவர் பேனா. ஆனால் எழுத வைத்தது என் ஒற்றை வார்த்தை. களைப்பில் சொன்ன என் வார்த்தையை அந்த வீட்டில் ஒருவர் முழுசாக நம்பியிருக்கிறார். அது ஒருமுறைதான் நடந்தது, அதுவும் நான் பொய் சொன்னபோது.

"அப்போ போட்டிருந்ததோ, இல்லியோ?" டாக்டர் என்னிடம் கேட்டார்.

யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக வேறொருவர் முகத்தைப் பார்க்காமல் இருந்து நிறைய நாள் ஆகியிருந்தது.

"போடலை," என்றேன். "இங்கேதான் வந்தேன். காய்ச்சல் இருந்தது. அடுத்த புதன் வரச் சொன்னா. ஆத்துக்குப் போனதும் ஆச்சான்னு கேட்டா. நான் ஆச்சுன்னு சொன்னேன். சும்மா சொன்னேன். அப்புறம் எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு. இப்போ... எனக்கே நிச்சயமா தெரியலை டாக்டர். அந்த மாசத்துல எது நடந்தது, எது நடக்கலைன்னு."

மாமனாரை நான் பார்க்கவில்லை. ஜானவியின் தலையில் வியர்த்திருந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிச்சயமா தெரிஞ்சுக்கலாம்," என்றார் டாக்டர். "கலையே, மே மாசத்து ரெஜிஸ்டர் எடுத்துட்டு வா."

அந்த ஐந்து நிமிஷம் மறக்காது. கலைச்செல்வி கனமான பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமும் திரும்பும்போது, அதில் 'போடப்பட்டது' என்று இருந்துவிடுமோ என்று இருந்தது. இருந்துவிட்டால் ஜானவிக்கு நல்லது. எனக்கு? அந்த நினைப்பு எழுந்ததும் வெட்கமாக இருந்தது. என் குழந்தைக்கு ஊசி விட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

"மே இருபத்தொண்ணு... பேபி ஓஃப் சுப்புலக்ஷ்மி. ஆ, இதோ." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "டெம்பரேச்சர் நூத்தியொண்ணு புள்ளி நாலு. ஊசி போடலை. அடுத்த புதன். என் எழுத்துதான் இது." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ரெண்டு தடவை ஃபோன் பண்ணினேன்னு கீழ எழுதியிருக்கேன் அக்கா. யாரும் எடுக்கலை."

அட்டையிலிருந்த எண் நாகர்கோவிலில் அம்மாவுடையது. தெரியாத எண் என்றால் அம்மா எடுக்க மாட்டாள்.

நான் அழவில்லை. மூச்சை விட்டேன். நூத்தியொண்ணு புள்ளி நாலு. அந்தத் தெர்மாமீட்டர் உண்மை. பெஞ்ச் உண்மை. அடுத்த புதன் உண்மை. அந்த மூடுபனிக்குள்ளும் நான் ஒரு தடவை சரியாகப் பார்த்திருக்கிறேன்.

அதே மூச்சில் அடுத்தது வந்தது. நாலரை மாதமாக என் குழந்தை அரைகுறைப் பாதுகாப்போடு இருந்திருக்கிறாள். நான் சொன்ன அந்த 'ஆச்சு'வினால்.

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டா. போட்ட ரெண்டும் போட்டதுதான், அது வீணாகாது. விட்டதுலேர்ந்து தொடரலாம். இன்னைக்குக் காய்ச்சல் இல்லல்லோ? அப்போ இன்னைக்கே." அவர் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, சொட்டு மருந்துகளில் ஒன்றுக்கு வயது வரம்பு இருக்கிறது என்று சொல்லி, அதைச் சரிபார்த்துத் தலையாட்டினார். "இதுவும் கொடுக்கலாம். முதல் டோஸ் அந்த வயசுக்குள்ளேயே எடுத்திருக்கு."

பிறகு மாமனாரின் போனைச் சுட்டினார். "சாரே, இது சொன்னது முழுக்கத் தப்பு அல்ல. கார்டுல இருந்ததைத்தான் சொல்லிச்சு. தட்டம்மை ஊசி நவம்பர் பன்னெண்டுதான். ஆனா நிமோனியாவுக்கு உள்ள ஊசி இன்னைக்கு ரெண்டாவதுன்னா, அடுத்தது எட்டு வாரம் கழிச்சுதான். டிசம்பர் மூணு. நவம்பர்ல அதையும் சேர்த்துப் போடக் கூடாது. பின்னே இந்த ஜில்லாவில ஒம்பது மாசத்துல மூளைக்காய்ச்சலுக்கு ஒரு ஊசி உண்டு. நாகர்கோவில் கார்டில் அதுக்குத் தேதி போடலை. போட்டோ எப்படி இதெல்லாம் அறியும்? குழந்தையும் ரெஜிஸ்டரும் நம்ம முன்னாடி இருந்தா வேற விஷயம்."

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "நாங்க வரலேன்னா?"

"நவம்பர்ல வந்திருப்பீங்க. யாராவது கட்டத்தை மட்டும் பார்த்திருந்தா, மூணாவது டோஸ் போட்டாச்சுன்னு நினைச்சு விட்டிருப்பாங்க." டாக்டர் தோளைக் குலுக்கினார். "வந்தீங்க. அது போதும்."

கலைச்செல்வி புது அட்டை எடுத்து, முதல் இரண்டு டோஸையும் பேனாவில் பெயர்த்து எழுதினாள். ஜானவியின் இடது தொடையில் ஒன்று, வலது தொடையில் ஒன்று, வலது கையில் தோலுக்கடியில் சின்னதாக ஒன்று. அவள் அலறியபோது நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அந்த அழுகை என் குழந்தையின் அழுகையாகக் கேட்டது. பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மாமனார் பெஞ்சின் ஆடும் கால் பக்கம் உட்கார்ந்து, ஆடாமல் தன் பாதத்தால் அதை அழுத்திக்கொண்டார்.

ஆட்டோவில் திரும்பினோம். பாலத்தைத் தாண்டும்போது அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி பையில் வைத்தார். எனக்காக இரண்டு வார்த்தை சொல்வாரோ என்று காத்திருந்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் ஆட்டோ திரும்பியபோது என் மனம் மறுபடி சுருங்க ஆரம்பித்தது. டாக்டரின் அறையில் சொன்னது ஒன்று. இந்தத் தெருவில், இந்த வாசலில் சொல்வது வேறு. இதைச் சொன்னபிறகு மாமியார் என்னை எத்தனை நாள் குளியலறை வாசலில் நின்று காப்பார்? திங்கட்கிழமை இருக்குமா? அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். மாமனாரும் பேசமாட்டார். அவருக்கும் அதுவே சௌகரியம். புது அட்டையில் இன்றைய தேதி இருக்கும், யார் கவனிக்கப்போகிறார்கள்?

வாசலில் மாமியார் நின்றார். அன்று நின்ற அதே படியில். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே.

"ஆச்சா?"

ஜானவி என் தோளில் விம்மிக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றை வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது, உள்ளே போவதற்கான சாவி மாதிரி.

"இன்னிக்கு ஆச்சும்மா," என்றேன். "மே மாசம் ஆகலை. அன்னிக்கு இவளுக்குக் காய்ச்சல்னு திருப்பி அனுப்பிட்டா. நான் உங்ககிட்ட ஆச்சுன்னு பொய் சொன்னேன்."

அவர் முகம் அப்படியே நின்றது. பிறகு வழக்கம்போல, நான் சொன்னதற்கு மறு சாட்சி தேடி, என் தோளுக்கு மேலே மாமனாரைப் பார்த்தார்.

மாமனார் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது அவ்வளவு நேரம் எடுக்கிற செருப்பு இல்லை. குனிந்தபடியே சொன்னார்.

"ரெஜிஸ்டர்ல இருக்கு. அவ சொல்றதுதான் சரி. கார்டுல மை போட்டது நான்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. மாமியாரின் உதடு அசைந்தது. கேள்விகள் வரப்போகின்றன என்று நான் தயாரானேன்: எப்போதிலிருந்து, ஏன், எப்படி மனசு வந்தது. வரும். இன்று இல்லாவிட்டால் நாளை வரும். திங்கட்கிழமை பற்றியும் வரும்.

அவர் கை நீட்டிக் குழந்தையை வாங்கினார். பாவாடையை விலக்கி, தொடையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"எங்கெங்கே போட்டா?" என்றார். மாமனாரை அல்ல, என்னைத்தான் கேட்டார்.

"ரெண்டு தொடையிலயும். வலது கையிலயும் ஒண்ணு."

அவர் அந்தக் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தலையாட்டிவிட்டு, குழந்தையோடு உள்ளே போனார்.